இன்டர்வியூ முடிந்து பதினைந்தாம் நாள்

'ஒரு வாரத்தில் சொல்லிவிடுகிறோம்' என்று சிரித்த முகத்துடன் அனுப்பிவைத்த ஹெச்.ஆர். அதிகாரியிடமிருந்து இரண்டு வாரமாகியும் ஒரு தகவலும் இல்லை. ஸ்பாம் ஃபோல்டரையும் துழாவிப் பார்த்தாயிற்று. 'என்னப்பா ஆச்சு?' என்று வீட்டில் தினமும் கேள்வி. வேலை போச்சு என்று சிலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். சிலர் கோபத்தில் நாலு வரி தட்டி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டுமே அவசரப்பட்ட முடிவு.

ஏனென்றால், பதில் வராததற்குக் காரணம் பெரும்பாலும் கம்பெனிக்குள்ளேயே இருக்கும். நேர்காணல் செய்த மூன்று பேரில் ஒருவர் தன் கருத்தை எழுதித் தராமல் லீவில் போயிருப்பார். ஆள் பிடித்துப்போயும், சம்பளத்துக்கு ஃபைனான்ஸ் பிரிவின் ஒப்புதல் வந்திருக்காது. யாரும் வெளியே சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு: முதலிடத்தில் இருப்பவருக்கு ஆஃபர் கொடுத்துவிட்டு, அவர் சரி என்று சொல்லும்வரை இரண்டாமவரிடம் 'உண்டு' என்றும் சொல்லாமல் 'இல்லை' என்றும் சொல்லாமல் வைத்திருப்பார்கள்.

இந்த இரண்டாமிடத்தை லேசாக நினைக்கக் கூடாது. நம்மூர் ஐ.டி. கம்பெனிகளில் நோட்டீஸ் காலம் 60 நாள், 90 நாள் என்று நீளும். அதற்குள் தேர்வானவர் வேறு ஆஃபர் வாங்கிக்கொண்டு போய்விடுவதும், பழைய கம்பெனியே சம்பளத்தை உயர்த்தி அவரைத் தக்கவைத்துக்கொள்வதும் சகஜம். அப்போது ஹெச்.ஆர். தேடுவது அடுத்த பெயரைத்தான். கோபமாக ஒரு மெயில் அனுப்பியவரை அந்த நேரத்தில் யார் கூப்பிடுவார்கள்?

மெயிலை முதலில் படிக்கும் ஹெச்.ஆர். அதிகாரியால் பல நேரம் தானாகப் பதில் சொல்ல முடியாது. துறை மேலாளரைக் கேட்டாக வேண்டும். ஆகவே அவர் ஒரு சொல்லும் சேர்க்காமல், அப்படியே மேலாளருக்கு ஃபார்வர்ட் செய்யும்படி மெயில் இருக்க வேண்டும். எந்த வேலை, எந்தத் தேதி, எத்தனையாவது சுற்று என்பதெல்லாம் அதிலேயே வந்துவிட வேண்டும்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவு வேலைக்கு, திருப்பூரிலிருந்து ஒரு பெண் 4-ஆம் தேதி இரண்டாம் சுற்றுக்குப் போய்வந்ததாக வைத்துக்கொள்வோம். 18-ஆம் தேதி அவர் எழுதும் மெயில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் மேடம். பர்ச்சேஸ் எக்ஸிகியூட்டிவ் பணிக்கு இம்மாதம் 4-ஆம் தேதி உங்கள் கோவை அலுவலகத்தில் இரண்டாம் சுற்று நேர்காணலில் கலந்துகொண்டேன். தேர்வு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவிக்க முடியுமா? வார்ப்பு சப்ளையர்கள் தாமதம் செய்தால் எப்படிச் சமாளிப்பது என்று மேலாளர் கேட்ட பிறகு, இந்த வேலையில் எனக்கு ஆர்வம் கூடியிருக்கிறது. தேர்வானால், இப்போதைய நிறுவனத்தில் 30 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுச் சேர முடியும். நன்றி."

கீழே பெயரும் போன் நம்பரும். அவ்வளவுதான்.

'ஒரு வாரம் என்றீர்களே' என்ற குத்தல் இதில் எங்கும் இல்லை. 4-ஆம் தேதி என்பதே அதைச் சொல்லிவிடுகிறது. வார்ப்பு சப்ளையர் பேச்சு வந்ததும் 'ஓ, அந்தப் பெண்ணா!' என்று மேலாளருக்கு முகம் நினைவுக்கு வரும். 30 நாள் என்பது அவருக்கு உடனே பயன்படும் தகவல்.

இதைப் புது மெயிலாக அனுப்பாமல், நேர்காணலுக்கு அழைத்த பழைய மெயிலுக்கே பதிலாக அனுப்புவது நல்லது. பழைய தகவலெல்லாம் அடியிலேயே இருக்கும், யாரும் தேட வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: அந்த அழைப்பு noreply என்று தொடங்கும் முகவரியிலிருந்து வந்திருந்தால், அதற்குப் போடும் பதிலை யாரும் படிக்கப் போவதில்லை. அதிகாரியின் சொந்த அலுவலக முகவரிக்குத்தான் எழுத வேண்டும். கன்சல்டன்சி மூலம் போனவர் கன்சல்டன்சிக்குத்தான் எழுத வேண்டும். நேரே கம்பெனிக்கு எழுதினாலும் 'அவர்களையே கேளுங்கள்' என்றுதான் பதில் வரும்.

கையில் வேறு ஆஃபர் இருந்தால், எந்தத் தேதிக்குள் அங்கே பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம். தூங்கும் ஃபைலை அது எழுப்பும். இல்லாத ஆஃபரைச் சொல்லி மிரட்டினால், 'வாழ்த்துகள், அதையே ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று பதில் வந்துவிடும். பிறகு வாயைத் திறக்க முடியாது.

ஒரு வாரம், பத்து நாள் கழித்தும் பதில் இல்லையென்றால் அதே மெயில் தொடரில் இரண்டு வரி. அதற்கு மேல் வேண்டாம். வாட்ஸ்அப்பில் துரத்துவதும், எம்.டி.க்கு சி.சி. போடுவதும் காரியத்தைக் கெடுக்கும்.

பதில் வந்தால் அதையும் படிக்கத் தெரிய வேண்டும். 'பிராசஸ் நடந்துகொண்டிருக்கிறது' என்றால் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது என்று பொருள். எப்போது தெரியும் என்று ஒரு கேள்வி கேட்கலாம். 'பொசிஷன் ஹோல்டில் இருக்கிறது' என்றால் பெரும்பாலும் பணம் ஒதுக்குவதில் சிக்கல். அதை ஹெச்.ஆரால் நகர்த்த முடியாது. நன்றி சொல்லி ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த கம்பெனிக்கு அப்ளிகேஷன் போட வேண்டியதுதான்.