ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே

"குடிக்க மாட்டார். அடிக்க மாட்டார். ஆனா எதுக்கும் ஒரு வார்த்தை என்னைக் கேக்க மாட்டார்."

இந்த மூன்று வாக்கியங்களையும் இதே வரிசையில் பல பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூன்றாவதைச் சொல்வதற்கு முன்னால் முதல் இரண்டையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர், "இதெல்லாம் ஒரு குறையா?" என்று கேட்டுவிடுவார். குறையை எடுத்துச் சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன விஷயம். விசேஷ வீட்டில் எவ்வளவு மொய் எழுதுவது, ஞாயிற்றுக்கிழமை யார் சாப்பிட வருகிறார்கள், பிள்ளைக்கு எந்த ட்யூஷன் என்பவைதான். எதை எடுத்துப் பேசினாலும் "இதுக்குப் போயா!" என்று பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் இப்படிப்பட்ட மனக்குறைக்குக் கடிதம் பொருத்தமான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. குறுக்கே யாரும் பேச முடியாது. சின்ன விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டவும் முடியும்.

ஆனால் எதை வைத்துக் காட்டுவது? முடிவெடுப்பது என்றால் "சரி, வாங்கிடலாம்" என்று சொல்லும் அந்த ஒரு நொடிதான் என்று நாம் நினைக்கிறோம். கணக்கெடுப்புகளிலும் கேள்வி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வில் மணமான பெண்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்கிறார்கள்: உங்கள் உடல்நலச் சிகிச்சை, வீட்டுக்கான பெரிய செலவுகள், உங்கள் பிறந்த வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ போய்வருவது. இவற்றை வழக்கமாக முடிவு செய்வது யார்? 2019-21 சுற்றில், நாடு முழுவதும் சுமார் 71 சதவீதப் பெண்கள் மூன்றிலுமே தனியாகவோ கணவரோடு சேர்ந்தோ முடிவெடுப்பதாகச் சொன்னார்கள். நல்ல செய்திதான். ஆனாலும் "சேர்ந்து" என்ற அந்த ஒரு பதிலுக்குள் இரண்டு வேறு வேறு வீடுகள் அடங்கிவிடும். கடைக்குப் போகும் முன்பே இருவரும் உட்கார்ந்து பேசிய வீடும் அதில் இருக்கும். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து, "உனக்கும் ஓகேதானே?" என்று கேட்ட வீடும் அதில் இருக்கும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் உதவுகிறது. முப்பத்தைந்து தம்பதிகளிடம் பேசிவிட்டு, வீட்டை நடத்துவதற்குப் பின்னால் இருக்கும் யோசனை வேலையை அவர் நான்கு கட்டங்களாகப் பிரித்தார். ஒரு தேவை வரப்போகிறது என்று முன்கூட்டியே கவனிப்பது, என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று தேடுவது, அவற்றில் ஒன்றை முடிவு செய்வது, முடிவு செய்தது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது. அந்தத் தம்பதிகளில் முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்திருந்தன. முடிவு செய்யும் கட்டத்தில்தான் இருவரும் ஓரளவு சமமாக இருந்தார்கள். நம் வீடுகள் பலவற்றில் அந்த மூன்றாவது கட்டத்திலும் அவளுக்கு இடம் இருப்பதில்லை. கவனித்துச் சொன்னவளும் பின்னால் சமாளிப்பவளும் அவள்தான். நடுவில் நடந்த பேச்சில் மட்டும் அவள் இல்லை.

இந்தப் பிரிவினை கடிதம் எழுதுபவருக்குக் கையில் கிடைத்த கருவி. மனம் வெந்து எழுதும் முதல் கடிதம் பெரும்பாலும் "நான் சொல்றதை நீங்க எப்பவுமே கேட்டதில்லை" என்று தொடங்கும். கணவர் உடனே விதிவிலக்கைத் தேடுவார். "போன தீபாவளிக்கு நீ சொன்ன கடையிலதானே எடுத்தோம்?" ஒரு விதிவிலக்கு கிடைத்தால் போதும், மொத்தக் கடிதமும் பொய்யாகிவிடும். இரண்டாவது வரி அநேகமாக "உங்க அம்மா சொன்னா மட்டும்..." என்று போகும். அதற்குப் பிறகு பேச்சு அம்மாவைப் பற்றியதாகிவிடும், மேற்கொண்டு எதையும் பேச முடியாது. ஒன்றிரண்டு சம்பவங்களை எடுத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தில் தன்னை விட்டுவிட்டார்கள் என்று காட்டுகிற கடிதம் வேறு மாதிரி இருக்கும். பல வீடுகளில் கேட்ட குரல்களை மனதில் வைத்து, அப்படி ஒன்றை நானே எழுதிப் பார்த்தேன்.

என்னங்க,

நேர்ல சொல்ல ஆரம்பிச்சா பாதியில அழுதுடுவேன். இல்லன்னா நீங்க "இப்ப என்ன ஆச்சு?"ன்னு எழுந்து போயிடுவீங்க. அதான் எழுதுறேன். கோபத்துல எழுதலை.

அடுப்படி மேடை விஷயம். மேடைக்குக் கீழ தண்ணி கசியுதுன்னு முதல்ல சொன்னது நான். பக்கத்து வீட்டுல விசாரிச்சு மேஸ்திரி நம்பர் வாங்கிக் குடுத்ததும் நான். அதுக்கப்புறம் நீங்களும் அவரும் பேசி முடிச்சீங்க. கல்லு என்ன கலர்னு மட்டும் எங்கிட்ட கேட்டீங்க, கறுப்புன்னு சொன்னேன். மேடையை 36 அங்குலத்துக்கு ஏத்தினது, வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்பதான் எனக்குத் தெரியும். நான் அஞ்சடி உயரம். அதுக்கு மேல அடுப்பு, அதுக்கு மேல குக்கர். குழம்பு கிண்டும்போது தோளைத் தூக்கிக்கிட்டே நிக்கிறேன், ராத்திரி கழுத்து வலிக்குது. நீங்க வேணும்னு செய்யலைன்னு எனக்குத் தெரியும். "இப்ப எல்லா வீட்டுலயும் இதுதான் சார்"னு அவர் சொல்லியிருப்பார், நீங்களும் சரின்னிருப்பீங்க. அந்த இடத்துல தினமும் நிக்கப்போறது யாருன்னு ரெண்டு பேருக்குமே தோணலை, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, போன ஞாயித்துக்கிழமை. சித்தப்பா வீட்டுல எல்லாரும் வர்றாங்கன்னு காலையில எட்டு மணிக்குச் சொன்னீங்க. வியாழக்கிழமையே போன்ல "வாங்க வாங்க"ன்னு சொல்லியாச்சு. அவங்க வர்றதுல எனக்குச் சந்தோஷம்தான். வியாழக்கிழமையே சொல்லியிருந்தா மாவு அரைச்சு வச்சிருப்பேன், இல்லன்னா அடுத்த வாரம் வரச் சொல்லலாமான்னு கேட்டிருப்பேன். எட்டு மணிக்குச் சொன்னா, நான் செய்யறதுக்கு வேலை மட்டும்தான் பாக்கி இருக்கு.

எம்மேலயும் ஒண்ணு இருக்கு. நீங்க கேட்ட சில சமயம் "உங்க இஷ்டம்"னு சொல்லியிருக்கேன். எனக்குச் சம்மதம்னு நீங்க எடுத்துக்கிட்டீங்க. "இவ்வளவு தூரம் வந்தப்புறம் கேட்டு என்ன புண்ணியம்"னுதான் அப்ப நான் நினைச்சேன். இனிமே அப்படிச் சொல்லலை.

ரெண்டே ரெண்டு கேக்குறேன். வெளி ஆளுக்குச் சரின்னு சொல்றதுக்கு முன்னாடி, "வீட்டுல பேசிட்டு சொல்றேன்"னு சொல்லுங்க. அடுத்தது, தம்பியை வேற ஸ்கூல்ல சேக்கிற பேச்சு. எந்த ஸ்கூல்னு முடிவான பிறகு யூனிஃபார்ம் வாங்க என்னைக் கூப்பிட வேண்டாம். எந்தெந்த ஸ்கூலைப் போய்ப் பாக்கலாம்னு பேசும்போதே நானும் இருக்கணும். ஞாயித்துக்கிழமை சாப்பிட்டதும் உக்காரலாமா?

கடிதம் இவ்வளவுதான். ஒரு தாளில் இரண்டு பக்கம் வரும். இதற்கு மேல் நீண்டால் பழைய கணக்குகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துவிடும், அவர் கடைசியாகப் படித்த வரிக்கு மட்டும் பதில் சொல்வார்.

அந்தக் கல்லின் நிறம்தான் இதில் முக்கியமான இடம். அவர் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது, கேட்டிருக்கிறார். ஆனால் உயரம் முடிவான பிறகு நிறத்தைக் கேட்டிருக்கிறார். மேடையின் உயரம், வேலை செய்பவரின் முழங்கைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே இருந்தால் வசதி என்பது பொதுவான கணக்கு. ஐந்தடி உயரமுள்ளவருக்கு அது 32 முதல் 34 அங்குலத்துக்குள் வரும். அவளை நிறுத்தி டேப்பை வைத்து அளந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். கேட்டதாகவும் ஆகி, கேட்காததாகவும் ஆகிற இந்த நிலையை வாயால் விளக்குவது கஷ்டம். "கேட்டேனே!" என்று அவர் சொன்னால் அதுவும் உண்மைதானே?

"வீட்டுல பேசிட்டு சொல்றேன்" என்பது ஆண்களுக்குத் தெரியாத வாக்கியம் இல்லை. கைமாற்றுக் கடன் கேட்டு யாராவது வந்தால் சட்டென்று வாயில் வரும். மறுக்க நினைக்கும்போது மட்டும் பயன்படுத்துகிற அந்த வாக்கியத்தை, சம்மதிக்க நினைக்கும்போதும் சொல்லச் சொல்கிறாள், அவ்வளவுதான். கோரிக்கை இப்படிக் கைக்கு அடங்குவதாக இருக்க வேண்டும். "என்னை மதிங்க" என்று எழுதினால் நாளைக் காலையில் அவர் என்ன செய்வார்? அவருக்கே தெரியாது. பள்ளிக்கூட விஷயம் இன்னும் முடிவாகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கட்டி முடித்த மேடையைப் பற்றி இனிப் பேசிப் பயன் குறைவு. முன்னால் நிற்கிற ஒரு முடிவைக் காட்டினால்தான் கடிதத்துக்கு வேலை இருக்கும்.

கொடுக்கும் நேரமும் முக்கியம். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அலுவலகத்தில் ஏதோ ஒரு வேலைக்கு நடுவில் திறப்பார், ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வரும். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்செடுப்பது இன்னும் கடினம். தாளில் எழுதி, மறுநாள் விடுமுறையாக இருக்கிற ராத்திரியில், "படிச்சுப் பாருங்க, உடனே பதில் வேண்டாம்" என்று கொடுத்தால் போதும். படிக்கும்போது எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் இருப்பது நல்லது.

பதில் எப்படி வரும் என்று ஓரளவு முன்பே சொல்லிவிடலாம். மௌனம் வரலாம். ஒரு வாரத்துக்கு எல்லாவற்றையும் கேட்கலாம். "இந்தச் சட்டை போடட்டுமா, வெண்டைக்காய் வாங்கட்டுமா?" என்று வரும் கேள்விகள் பாதி கிண்டல், பாதி பயம். அதில் எரிச்சல்படாமல் பள்ளிக்கூடப் பேச்சுக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு உண்மையில் கவலை தருவது மூன்றாவது பதில்: "சரி, இனிமே எல்லாத்தையும் நீயே பாத்துக்கோ." கேட்க தாராளமாக இருக்கும். ஆனால் மேஸ்திரியிடம் பேசுவதும் பள்ளி பள்ளியாக ஏறி இறங்குவதும் அவள் தலையில் விழும். ஏதாவது தப்பிப் போனால் "நீதானே முடிவு பண்ணினே" என்ற பேச்சும் சேர்ந்து வரும். அவள் கேட்டது சேர்ந்து யோசிக்க ஓர் ஆள். இந்தப் பதில் வந்தால், "எல்லாம் வேண்டாங்க, இந்த ஒண்ணை ரெண்டு பேரும் பாப்போம்" என்று சொல்லிவிடுவதுதான் சரி.

சில வீடுகளில் இந்தக் கடிதத்தை எழுதவே கூடாது. அவர் படித்துவிட்டு என்ன செய்வாரோ என்று நடுங்க வேண்டியிருந்தால், செலவுக்குப் பணம் தராமல் வைத்திருந்தால், அவள் சம்பளத்தையோ நகையையோ பிடுங்கிக்கொண்டிருந்தால், அது ஒரு வார்த்தை கேட்காத குறை இல்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பணத்தைக் கொண்டு ஒடுக்குவதையும் வன்முறை என்றே சொல்கிறது. அங்கே கடிதத்தை விட 181 என்ற பெண்கள் உதவி எண் பயன்படும்.

மற்ற வீடுகளில், ஞாயிற்றுக்கிழமை வந்தும் அவர் வாயைத் திறக்காவிட்டால் இன்னொரு கடிதம் எழுத வேண்டாம். பள்ளிகளின் பெயர்களைத் தெரிந்தவரை ஒரு தாளில் எழுதி, கட்டணம், வேன் வசதி, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கட்டம் போட்டு, பாதியை நிரப்பாமல் விட்டு, பேனாவோடு அவர் பக்கம் நகர்த்தலாம்.