ஒரு கருத்து, ஏழு ஸ்லைடுகள்

கேரசல் பதிவு என்பது விரலால் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படிக்கும் பட வரிசை. இன்ஸ்டாகிராமில் 2017இல் இது வந்தபோது ஒரு பதிவில் 10 படங்கள்வரை வைக்கலாம். 2024இல் அது 20 ஆனது. லிங்க்ட்இன்னில் பிடிஎஃப் கோப்பாக ஏற்றினால் அதே மாதிரி பக்கம் பக்கமாகத் தெரியும். ஒன்றுமே தெரியாதவருக்கு ஒரு விஷயத்தைப் படிப்படியாகச் சொல்ல இந்த வடிவம் நன்றாகப் பொருந்துகிறது. அடுத்த படிக்குப் போவது படிப்பவரின் விரலில் இருப்பதால், புரியாத இடத்தில் அவர் நின்றுகொள்ளலாம், பின்னாலும் போகலாம்.

எழுதுவது கடைசி ஸ்லைடிலிருந்து தொடங்குகிறது. படித்து முடித்தவர் என்ன தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கிரெடிட் கார்டை எடுத்துக்கொள்வோம். ‘கிரெடிட் கார்டு பற்றி எல்லாம்’ என்பது ஒரு கருத்து ஆகாது. ‘குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் பெரிதாகக் குறையாது’ என்பது ஒரு கருத்து. அந்த வாக்கியத்தில் ‘மேலும்’ என்ற சொல் நுழைந்தால் இரண்டு பதிவுகளுக்கான சரக்கு ஒன்றில் திணிக்கப்படுகிறது என்று அர்த்தம்.

அடுத்து, அந்த முடிவுக்கு வந்து சேர வாசகருக்கு எந்தெந்தப் படிகள் தேவை என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். முதல் ஸ்லைடில் கேள்வி மட்டும்: ‘20,000 ரூபாய் பில். 1,000 கட்டினால் போதுமா?’ இரண்டாவதில் பில்லின் படம். அதில் `Total Amount Due`, `Minimum Amount Due` என்ற இரண்டு வரிகள் மட்டும் வட்டமிடப்பட்டிருக்கும். பில்லில் அச்சான பெயரையே காட்டினால்தான் வாசகர் தன் பில்லில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பார். மூன்றாவது, இரண்டாம் வரி எதற்கு என்று சொல்கிறது: அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, ஆனால் மீதித் தொகைக்கு வட்டி உண்டு. நான்காவதில் 1,000 கட்டியபின் 19,000 நிற்கிறது. ஐந்தாவதில் மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக் கணக்கு: 665 ரூபாய். ஆறாவதில் அடுத்த பில்: 19,665. கட்டியது 1,000, குறைந்தது 335. ஏழாவதில் செய்ய வேண்டியது: முழுத் தொகையையும் கட்டுவது, முடியாதபோது இயன்ற அளவு கூடுதலாகக் கட்டுவது.

பெரும்பாலான பதிவுகள் தடுக்கி விழுவது நான்காவதற்கும் ஆறாவதற்கும் நடுவில்தான். எழுதுபவருக்கு 3.5 சதவீதக் கணக்கு மனத்திலேயே ஓடிவிடுவதால், 19,000க்கு அடுத்து நேராக 19,665 என்று எழுதிவிடுகிறார். புதியவருக்கு அந்த 665 எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அங்கேயே பதிவை விட்டுப் போய்விடுவார். ஆகவே ஒவ்வொரு எண்ணும் முந்தைய ஸ்லைடில் பார்த்த எண்ணிலிருந்தே பிறக்க வேண்டும். நடுவில் உதாரணத்தை மாற்றி 50,000 ரூபாய் பில்லுக்குத் தாவக் கூடாது.

எதை விடுவது என்பதும் ஒரு தேர்வுதான். உண்மையில் வட்டி, பொருள் வாங்கிய தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும். வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். இவற்றையும் ஸ்லைடில் ஏற்றினால் புதியவர் தொலைந்துபோவார். சேர்த்தால் 335 என்பது இன்னும் குறையுமே தவிர, முடிவு மாறாது. முடிவைப் புரட்டாத விவரத்தை ஸ்லைடிலிருந்து விடலாம். ஆனால் ‘இது எளிமைப்படுத்திய கணக்கு’ என்று படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பில் சொல்லிவிடுவதே நேர்மை.

ஒரு ஸ்லைடுக்கு இருபது சொற்கள் தாராளம். 1080க்கு 1350 பிக்சல் அளவுள்ள படத்தில் தமிழ் எழுத்து மிகச் சிறிதாக இருந்தால் சிறிய போனில் கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டியதுபோலத் தெரியும். ‘குறைந்தபட்சத் தொகை’ போன்ற நீண்ட சொற்களை வடிவமைப்புச் செயலி வரி முடிவில் கண்ட இடத்தில் உடைக்கக்கூடும். அதை ஸ்லைடு ஸ்லைடாகக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த முடியும்.

சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. கிரெடிட் கார்டே வைத்திராத ஒருவரிடம் போனைக் கொடுத்து, ஒவ்வொரு ஸ்லைடுக்குப் பிறகும் ‘அடுத்து என்ன வரும்?’ என்று கேட்க வேண்டும். அவர் ஏறக்குறைய சரியாகச் சொன்னால் படிகள் ஒழுங்காக இருக்கின்றன. விழித்தால் அந்த இடத்தில் ஒரு ஸ்லைடு குறைகிறது. விளக்கம் சொல்லி உதவக் கூடாது, பதிவைப் படிப்பவர் பக்கத்தில் எழுதியவர் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

இன்ஸ்டாகிராமில் பதிவிட்டபின் கீழே உள்ள குறிப்பைத் திருத்தலாம். படத்துக்குள் இருக்கும் எண்ணைத் திருத்த முடியாது. எனவே 665ஐயும் 19,665ஐயும் வேறொருவர் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே பதிவை வெளியிட வேண்டும்.