“ரெகுலரா ஒருத்தர் சப்ளை பண்றாருங்க”

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நன்றாக வேரூன்றிய ஒரு கம்பெனிக்குப் போய், பேப்பர், ஃபைல், டோனர் சப்ளை செய்ய வாய்ப்புக் கேட்டுப் பாருங்கள். பர்ச்சேஸ் மேனேஜர் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: “எங்களுக்கு ரெகுலரா ஒருத்தர் சப்ளை பண்றாருங்க.”

இதைக் கேட்டதும் பல விற்பனையாளர்கள் ரேட்டைக் குறைக்க ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால், செய்யவே கூடாத காரியம் அது. நீங்கள் மேஜையில் வைத்துவிட்டு வரும் விலைப்பட்டியல் பழைய சப்ளையரின் கண்ணுக்குப் போய்விடும். “இந்த ரேட்டுக்குத் தர முடியுமா?” என்று மேனேஜர் கேட்பார். அவரும் ரீமுக்குச் சில ரூபாய் குறைப்பார். கம்பெனிக்கு லாபம், உங்களுக்கு அலைச்சல்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் விலை இல்லை. புது ஆளைச் சேர்த்தால் ஜிஎஸ்டி சான்றிதழ், பான், ரத்து செய்த காசோலை எல்லாம் வாங்கி அக்கவுண்ட்ஸில் வெண்டர் கோடு போட வேண்டும். பொருள் சரியில்லை என்றால் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் மேனேஜர். பழைய ஆள் சுமாரானவராக இருந்தாலும் அவசரத்துக்குப் போனை எடுப்பவர். அவரை ஏன் கைவிட வேண்டும்?

அதனால் கைவிடச் சொல்லாதீர்கள். “இருக்கட்டும் சார், அவரை மாத்தச் சொல்லி நான் வரலை. கடைசியா எந்தப் பொருள் நேரத்துக்கு வராம அவதிப்பட்டீங்க?” என்று கேளுங்கள். ‘அவருடைய சப்ளை திருப்தியா இருக்கா?’ என்று கேட்டால் ‘இருக்கு’ என்று பேச்சு முடிந்துவிடும். கடைசியாக நடந்ததைக் கேட்டால் மனிதர்கள் யோசிப்பார்கள்.

ஓர் உதாரணம். மேனேஜர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “மாசக் கடைசியில இன்வாய்ஸ் பிரிண்ட் போடும்போதுதான் டோனர் தீரும். கேட்டா, ஸ்டாக் இல்லை, ரெண்டு நாள் ஆகும்பாங்க.” உடனே எந்த பிரிண்டர், எந்த கார்ட்ரிட்ஜ் என்று குறித்துக்கொள்ளுங்கள். 88ஏ என்றால், பக்கத்தில் ஐந்து சதவீதம் மட்டும் மை பதியும் கணக்கில் சுமார் 1,500 பக்கம் வரும். கட்டம் கட்டமாக அச்சாகும் இன்வாய்ஸில் அவ்வளவு வராது. தினமும் 80 பக்கம் ஓடினால் மூன்று வாரத்துக்குள் தீர்ந்துவிடும். அதாவது மாதக் கடைசிக்கு முன்பே ஒரு மாற்று கார்ட்ரிட்ஜ் கையில் இருந்தாக வேண்டும்.

இப்போது நீங்கள் சொல்ல வேண்டியது: “உங்களுக்குன்னு ரெண்டு கார்ட்ரிட்ஜ் என் கடையில தனியா வெச்சிருக்கேன். எடுத்தா மட்டும் பில். மத்ததெல்லாம் அவர்கிட்டயே வாங்குங்க.” முழு ஆர்டரைக் கேட்டால் மறுக்க மேனேஜருக்குப் பத்துக் காரணம் கிடைக்கும். பழைய ஆள் கைவிரித்த ஒரே ஒரு பொருளைக் கேட்டால் மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

“ஒரு குறையும் இல்லை” என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களிடம் பேப்பரை எடை போட்டுக் காட்டலாம். ஏ4 அளவில் 500 தாள் கொண்ட 75 ஜிஎஸ்எம் ரீம், உறையை விட்டுவிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 2.34 கிலோ இருக்க வேண்டும். 70 ஜிஎஸ்எம் என்றால் 2.18 கிலோ. ஈரப்பதத்தால் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் 75 என்று பில் போட்ட ரீம் 2.2 கிலோவைத் தாண்டவில்லை என்றால் விசாரிக்க வேண்டிய விஷயம்தான். முதலில் உங்கள் ரீமை எடை போடுங்கள். அவர்களுடையதை அவர்களே போட்டுப் பார்க்கட்டும். பழைய சப்ளையரைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தவறாகப் பேசாதீர்கள். அவரைத் தேர்ந்தெடுத்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

சில இடங்களில் இது எதுவும் எடுபடாது. சப்ளையர் முதலாளியின் உறவினர் என்றால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஆண்டு ரேட் ஒப்பந்தம் ஓடுகிறது என்றால் அது எந்த மாதம் முடிகிறது என்று கேட்டுக்கொண்டு, அதற்கு இரண்டு மாதம் முன்னால் திரும்பிப் போங்கள்.

டோனர் ஆர்டர் கிடைத்துவிட்டால், பொருளைக் கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. உங்கள் பில் ஜிஎஸ்டிஆர்-1இல் ஏறி அவர்களுடைய ஜிஎஸ்டிஆர்-2பியில் தெரிந்தால்தான் கட்டிய வரியை அவர்கள் கழித்துக்கொள்ள முடியும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் உள்ள சிறு வியாபாரிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், வாடிக்கையாளரின் வரிக்கழிவும் அதுவரை காத்திருக்கும். அதைத் தவிர்க்க வழி இருக்கிறது. காலாண்டின் முதல் இரண்டு மாத பில்களை, அடுத்த மாதம் 13-ம் தேதிக்குள் ஐஎஃப்எஃப் வசதியில் ஏற்றிவிடுங்கள். அக்கவுண்ட்ஸ் பிரிவு உங்களைத் தேடிப் போன் செய்ய வேண்டிய நிலை வந்தால், அடுத்த ஆர்டர் பழைய ஆளுக்கே போய்விடும்.