சம்பளம் கேட்டு ஒரு கடிதம்

நம்மில் பலர் எழுதக் கற்ற முதல் கடிதம் பள்ளிக்கூட விடுப்பு விண்ணப்பம். காய்ச்சல் என்று காரணம் சொல்லி, இரண்டு நாள் விடுப்பைத் ‘தாழ்மையுடன்’ கேட்டோம். வேலைக்குப் போய்ப் பல வருடம் கழித்துச் சம்பள உயர்வு கேட்டு எழுத உட்கார்ந்தாலும் கை அந்த அச்சுக்கே போகிறது. காய்ச்சல் இருந்த இடத்தில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அம்மாவின் மருந்துச் செலவும் வந்து உட்காருகின்றன. ‘என் குடும்பச் சூழ்நிலையைக் கருணையுடன் பரிசீலித்து’ என்று கடிதம் முடிகிறது.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அது உதவி கேட்கும் கடிதம். இரக்கமுள்ள முதலாளி அதைப் படித்தால் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்து, மாதம் ஆயிரமாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். கேட்டவரின் கஷ்டத்துக்கு அது சரியான பதில்தான். அவருடைய சம்பளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். வேலைக்கு விலை கேட்க வேண்டுமானால் கடிதத்தில் வேலை இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகம் செய்யும் சிறிய நிறுவனம். அதன் கணக்குப் பிரிவில் ஒரு பெண் 2022 ஜூனில் 22,000 ரூபாய்க்குச் சேர்ந்தார். டேலியில் பில் போடுவதும் வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பதும் அவர் வேலை. ஒவ்வோர் ஏப்ரலிலும் ஆயிரம் ரூபாய் இன்கிரிமென்ட் கிடைத்து, இப்போது 25,000 வாங்குகிறார். 2026 ஜனவரியில் கடிதம் எழுத உட்காருகிறார்.

அவர் மனதில் முதலில் வருவது விலைவாசி. எல்லோருக்கும் அதுதான் வரும். அதை எழுதுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. நாட்டின் சில்லறை விலைவாசி சராசரியாக 2023-24இல் 5.4 சதவீதமும் 2024-25இல் 4.6 சதவீதமும் ஏறியது. அந்தக் கணக்கில் 2022-23இன் 22,000 ரூபாய்க்கு 2024-25இல் சுமார் 24,250 ரூபாய் ஈடு. அந்த ஆண்டு அவர் வாங்கியது 24,000. அதாவது விலை ஏறிய அளவுக்கு இன்கிரிமென்டும் ஏறத்தாழ வந்துவிட்டது. விலைவாசியை முன்வைத்து எழுதினால், முதலாளி இதே கணக்கைப் போட்டுக் காட்டிக் கடிதத்தை மடித்து வைத்துவிடலாம். மூன்று வருடம் சம்பளமே ஏறாத ஒருவருக்கு இந்த வாதம் பலமானது. இவருக்கு அது உதவாது.

இவருக்கு உதவுவது வேறொன்று. சேர்ந்தபோது இருந்த வேலை இப்போது இல்லை, அது பெரிதாகிவிட்டது. 2024 ஜூன் வரை அந்த நிறுவனத்தின் மாதாந்திர ஜி.எஸ்.டி. தாக்கலை வெளியே ஓர் ஆடிட்டர் அலுவலகம் மாதம் 6,000 ரூபாய்க்குச் செய்துகொடுத்தது. ஜூலையிலிருந்து இவரே செய்கிறார். அதற்குத் தனியாக எதுவும் தரப்படவில்லை. வருடாந்திர இன்கிரிமென்ட் பழைய வேலையைத் தொடர்ந்து செய்வதற்குக் கிடைப்பது. பொறுப்பு மாறினால் சம்பளத்தையே புதிதாக நிர்ணயிக்கக் கேட்கலாம். இந்த இரண்டையும் கலந்து எழுதினால் ‘போன ஏப்ரலில்தானே போட்டோம்’ என்ற பதில் வரும். அதனால் கடிதத்தின் பொருள் வரியிலேயே ‘கூடுதல் பொறுப்புக்கேற்ற சம்பள நிர்ணயம்’ என்று இருக்க வேண்டும்.

அடுத்தது சான்று. பதினெட்டு மாதம் தாக்கல் செய்திருக்கிறார். மாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20ஆம் தேதிக்குள் வரிக் கணக்கு. ஒன்றுகூடத் தவறவில்லை, தாமதக் கட்டணம் ஒரு ரூபாயும் கட்டவில்லை. இதை ஜி.எஸ்.டி. தளத்தில் யாரும் திறந்து பார்க்கலாம். நல்ல சான்றுக்கு அதுதான் அடையாளம்: எழுதியவரை நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் அதைச் சரிபார்த்துவிட முடியும்.

இன்னொரு வேலை கொஞ்சம் விளக்கம் கேட்கிறது. பொருள் வாங்கும்போது கட்டிய வரியை, விற்பனையில் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பொருள் விற்றவர் அந்த பில்லைத் தன் கணக்கில் ஏற்றியிருந்தால்தான் அது நடக்கும். 2024-25ஆம் ஆண்டு பில்களுக்கு இப்படிக் கழித்துக்கொள்ளப் பொதுவான கடைசித் தேதி 2025 நவம்பர் 30. இவர் மாதாமாதம் ஒப்பிட்டுப் பார்த்ததில் பதினான்கு பில்கள் ஏறாமல் கிடந்தன. அவற்றின் வரி 1,86,000 ரூபாய். போன் செய்து, மெயில் அனுப்பி, எல்லாவற்றையும் ஏற்ற வைத்தார்.

‘1,86,000 ரூபாய் மிச்சப்படுத்தினேன்’ என்று எழுத ஆசையாகத்தான் இருக்கும். எழுதக் கூடாது. அந்தப் பதினான்கில் ஒன்பது, வாங்கியவர் கேட்காவிட்டாலும் ஒரு மாதம் பிந்தி ஏறியிருக்கக்கூடியவை. முதலாளிக்கு அது தெரியும். ஓர் எண்ணில் ஊதியது தெரிந்தால் மற்ற எண்களையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். பலமுறை கேட்டு, நவம்பர் இரண்டாவது வாரத்தில்தான் ஏறிய ஐந்து பில்கள் உண்டு. அவற்றின் வரி 62,000. இதைத் தனியாகச் சொன்னால், சிறிய எண்ணாக இருந்தாலும் யாராலும் மறுக்க முடியாது. வரவேண்டிய பழைய பாக்கி குறைந்ததிலும் இவருக்குப் பங்கு உண்டு. ஆனால் பாதி வேலை விற்பனைப் பிரிவுடையது. அதை இவர் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டார். நான் அதைச் சரி என்றே நினைக்கிறேன்.

எவ்வளவு கேட்பது? அதே ஊர், அதே வேலை, அதே அனுபவம் என்று மூன்றும் பொருந்துகிற வேலை விளம்பரங்கள் நான்கைந்தைப் பார்த்தால் ஓர் எல்லை கிடைக்கும். இவருக்குக் கிடைத்தது 28,000 முதல் 32,000. கேட்பது 30,000. மாதம் 5,000 கூடுதல் என்றால் நிறுவனத்துக்கு வருடம் 60,000 செலவு. ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கொடுத்துவந்த தொகை வருடம் 72,000. இந்த இரண்டு எண்களும் அருகருகே நிற்கும்போது கேட்பது நியாயம் என்று தனியாக வாதாட வேண்டியதில்லை. பக்கத்து மேசைக்காரரின் சம்பளத்தைக் கடிதத்தில் கொண்டுவரக் கூடாது. பேச்சு அவரைப் பற்றியதாக மாறிவிடும்.

கேட்கும் தொகை பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தச் சம்பளமா, கைக்கு வருவதா என்பதையும் எழுதிவிட வேண்டும். இன்னொரு எல்லையையும் கவனிக்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கே இ.எஸ்.ஐ. பொருந்தும். 20,500 வாங்குகிறவர் 22,000 கேட்டுப் பெற்றால், நடப்பு ஆறுமாதச் சந்தாக் காலம் முடிந்ததும் சந்தா நின்றுவிடும். அதை ஒட்டி மருத்துவ வசதியும் பின்னர் நின்றுபோகும். குடும்பத்தில் தொடர் சிகிச்சை நடந்தால் அந்த 1,500 ரூபாய் நஷ்டமாகவே முடியலாம்.

இனி மொழி. தமிழில் பணிவுக்கும் தெளிவுக்கும் இடையில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. ‘உயர்த்தித் தர வேண்டும்’ என்றால் உத்தரவு போலக் கேட்கிறது. ‘உயர்த்தித் தந்தால் நன்றாக இருக்கும்’ என்றால் தராவிட்டாலும் பரவாயில்லை என்று அர்த்தமாகிவிடுகிறது. ‘30,000 ரூபாயாக நிர்ணயிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்’ என்பதில் மரியாதை குறையவில்லை, கேட்பதும் தெளிவாக இருக்கிறது. ‘தாழ்மையுடன்’ என்ற சொல் அங்கே எதையும் கூட்டுவதில்லை.

‘நான், நான்’ என்று எழுதக் கூச்சப்பட்டுப் பலர் ‘தாக்கல் செய்யப்பட்டது’, ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதுகிறார்கள். யார் செய்தார் என்பதே மறைந்துவிடுகிறது. நம் வினைச்சொல்லில் ஆள் உள்ளேயே இருக்கிறார். ‘தாக்கல் செய்தேன்’ என்றால் போதும்; தற்பெருமை இல்லாமல் வேலைக்கு உரியவர் யார் என்று தெரிந்துவிடும்.

இவற்றையெல்லாம் சேர்த்து அவர் எழுதிய கடிதம் இது:

பொருள்: கூடுதல் பொறுப்புக்கேற்ற சம்பள நிர்ணயம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2022 ஜூன் முதல் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். 2026 ஏப்ரல் முதல் என் மொத்த மாதச் சம்பளத்தை 25,000 ரூபாயிலிருந்து 30,000 ரூபாயாக நிர்ணயிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2024 ஜூலை முதல் மாதாந்திர ஜி.எஸ்.டி. தாக்கலை ஏற்றுச் செய்துவருகிறேன். இதுவரை 18 மாதக் கணக்குகளையும் உரிய தேதிக்குள் தாக்கல் செய்தேன். தாமதக் கட்டணம் ஏதும் ஏற்படவில்லை. இப்பணிக்கு முன்பு வெளியே மாதம் 6,000 ரூபாய் செலுத்திவந்தோம்.

2024-25ஆம் ஆண்டுக் கொள்முதலில், விற்பனையாளர்கள் ஏற்றாமல் விட்ட 14 பில்களைக் கண்டறிந்து ஏற்றச் செய்தேன். இவற்றில் 62,000 ரூபாய் வரியுள்ள 5 பில்கள் நவம்பர் இரண்டாவது வாரத்தில் ஏறின. விவரப் பட்டியலை இணைத்துள்ளேன்.

இந்தப் பொறுப்பை என்னிடம் நம்பிக் கொடுத்ததற்கு நன்றி. இதுபற்றி நேரில் பேச, இம்மாதம் 20ஆம் தேதிக்குப் பின் தங்களுக்கு வசதியான ஒரு நாளைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,

கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. கேட்பது இரண்டாவது வரியிலேயே வந்துவிட்டது. வேறு வேலை தேடுவேன் என்ற மிரட்டல் எங்கும் இல்லை. ‘செலுத்திவந்தோம்’ என்று நிறுவனத்தோடு தன்னையும் சேர்த்து எழுதியிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. ஜனவரியில் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. அடுத்த வருடச் செலவுக்குத் திட்டம் போடுவதற்கு முன்பே அது முதலாளி கைக்குப் போய்விட வேண்டும். மார்ச் கடைசியில் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் கொடுத்தால் படிக்கக்கூட நேரம் இருக்காது. ஆர்டர் குறைந்து, சம்பளமே பிந்திப் போடும் வருடமாக இருந்தால் இந்தச் சான்றுகள் எல்லாம் இருந்தும் பலன் இருக்காது. அப்போது பட்டியலைப் பத்திரப்படுத்திக் காத்திருப்பது நல்லது.

பெரும்பாலும் வரும் பதில் மறுப்பாக இருக்காது.

“பார்க்கலாம்மா. ஏப்ரல்ல எல்லாருக்கும் போடும்போது பார்த்துக்கலாம்.”

நல்ல மனதோடு சொன்னதாகவே இருக்கும், ஆனால் அதில் தொகையும் இல்லை, தேதியும் இல்லை.

“சரிங்க சார். மார்ச் முதல் வாரத்துல நானே வந்து ஞாபகப்படுத்தட்டுங்களா?”

கோபமோ கெஞ்சலோ இல்லாமல் ஒரு தேதி கிடைத்துவிட்டது. மார்ச்சில் பேசியபோது முதலாளி 28,000 என்றார். மீதியைப் பாதி வருடம் போகட்டும் என்றார். வாய்வார்த்தையாக விட்டால் அக்டோபரில் யாருக்கும் நினைவிருக்காது. அன்று மாலையே அவர் ஒரு சிறு மெயில் அனுப்பினார்:

‘இன்று பேசியதற்கு நன்றி ஐயா. ஏப்ரல் முதல் 28,000 ரூபாய் என்றும், அக்டோபர் முதல் 30,000 ரூபாய் என்றும் தாங்கள் கூறியதாகப் புரிந்துகொண்டேன். ஏதேனும் மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும். செப்டம்பர் வரையிலான தாக்கல் விவரத்தை அக்டோபர் முதல் வாரத்தில் தருகிறேன்.’