அழித்தே நினைவில் வைக்கும் இயந்திரம்

விகடகவி என்ற சொல்லை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் இப்படி மாலைமாற்றாகவே பாடி வைத்திருக்கிறார். ஒரு சொல் மாலைமாற்றுதானா என்று பார்க்க நாம் என்ன செய்கிறோம்? முதல் எழுத்தில் ஒரு விரல், கடைசி எழுத்தில் ஒரு விரல். இரண்டும் ஒன்றாக இருந்தால் விரல்களை உள்ளே நகர்த்துகிறோம். நடுவில் விரல்கள் சந்திக்கும்வரை எல்லாம் ஒத்துப்போனால் ஆம் என்கிறோம்.

இந்த வேலையை ஒரே விரலால் செய்யச் சொன்னால்? அந்த விரலுக்கு அடியில் இருக்கும் ஒரு எழுத்து மட்டும்தான் கண்ணில் படும், சொல்லின் நீளமும் தெரியாது, எத்தனையாவது எழுத்தில் நிற்கிறோம் என்று எண்ணி வைத்துக்கொள்ளவும் வழியில்லை என்றால்?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஆலன் டூரிங் 1936இல் எழுதிய ஒரு கட்டுரையில் கற்பனை செய்த இயந்திரம் இப்படிப்பட்ட கட்டுப்பாட்டுக்குள்தான் வேலை செய்கிறது. கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு நீண்ட நாடா. கட்டத்துக்கு ஒரு எழுத்து, அல்லது வெற்றிடம். நாடாவின்மேல் ஒரு தலை. அது நிற்கும் கட்டத்தைப் படிக்கும், அழிக்கும் அல்லது எழுதும், பிறகு ஒரு கட்டம் வலமோ இடமோ நகரும். இவை போக, இயந்திரம் எப்போதும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிலைகளில் ஒன்றில் இருக்கும். அதன் மூளை என்று சொல்ல அந்த நிலை ஒன்றுதான் உண்டு.

க, ட என்ற இரண்டே எழுத்துகளால் ஆன சொற்களை எடுத்துக்கொண்டு, மாலைமாற்றா இல்லையா என்று சொல்லும் ஓர் இயந்திரத்தை அமைத்துப் பார்ப்போம். முறை எளிதானது. இடது ஓரத்து எழுத்தைப் பார், மனதில் வை, அழி. வலது ஓரத்துக்குப் போ. அங்கேயும் அதே எழுத்து இருந்தால் அதையும் அழி. திரும்பி வந்து, மிச்சமிருக்கும் சொல்லோடு மறுபடி ஆரம்பி.

இதில் ‘மனதில் வை’ என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். தலைக்குப் பை கிடையாது, எழுத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது. ஆகவே எந்த எழுத்தைப் பார்த்தோம் என்பதை நிலையாகவே மாற்றிக்கொள்ள வேண்டும். க-வைப் பார்த்திருந்தால் ‘க-ஏந்தி’ என்ற நிலையில் நடக்கும். ட-வைப் பார்த்திருந்தால் ‘ட-ஏந்தி’. இரண்டு நிலைகளும் செய்யும் வேலை ஒன்றே: எழுத்து எதுவானாலும் தொடாமல் தாண்டி வலமாகப் போவது. வெற்றுக் கட்டத்தில் இடித்ததும் ஒரு கட்டம் பின்வாங்கி, க-ஏந்தி ‘க-சோதனை’யாகவும் ட-ஏந்தி ‘ட-சோதனை’யாகவும் மாறும். இப்போது தலை நிற்பது கடைசி எழுத்தின்மேல். சோதனை நிலையின் எழுத்தே அங்கு இருந்தால் அதை அழித்துவிட்டு இடப்புறம் நகர்ந்து ‘திரும்பு’ நிலைக்குப் போகும். வேறு எழுத்து இருந்தால் நிராகரித்து நின்றுவிடும். ‘திரும்பு’ நிலை எழுத்துகளை எல்லாம் தாண்டி இடமாகவே வரும், வெற்றுக் கட்டம் வந்ததும் ஒரு கட்டம் வலம் நகர்ந்து ‘தொடக்கம்’ நிலைக்கு மாறும். தொடக்கத்தில் பார்க்கும்போதே கட்டம் வெறுமையாக இருந்தால் ஒப்பிட எதுவும் மிச்சமில்லை, ஏற்றுக்கொள்ளலாம்.

ஆக வேலை செய்யும் நிலைகள் 6. ஒவ்வொன்றிலும் க, ட, வெற்றிடம் என்ற 3 சாத்தியங்களுக்கு ஒரு விதி. மொத்தம் 18 விதிகள். இயந்திரம் இவ்வளவுதான்.

கடடக என்ற சொல்லைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். அடைப்புக்குறிக்குள் இருப்பது தலை நிற்கும் கட்டம், கீழ்க்கோடு வெற்றிடம்.

```
 0  தொடக்கம்   [க] ட ட க _
 1  க-ஏந்தி     _ [ட] ட க _
 2  க-ஏந்தி     _ ட [ட] க _
 3  க-ஏந்தி     _ ட ட [க] _
 4  க-ஏந்தி     _ ட ட க [_]
 5  க-சோதனை   _ ட ட [க] _
 6  திரும்பு     _ ட [ட] _ _
 7  திரும்பு     _ [ட] ட _ _
 8  திரும்பு     [_] ட ட _ _
 9  தொடக்கம்   _ [ட] ட _ _
10  ட-ஏந்தி     _ _ [ட] _ _
11  ட-ஏந்தி     _ _ ட [_] _
12  ட-சோதனை   _ _ [ட] _ _
13  திரும்பு     _ [_] _ _ _
14  தொடக்கம்   _ _ [_] _ _
15  ஏற்பு
```

9-ஆம் வரியை 0-ஆம் வரியோடு வைத்துப் பாருங்கள். நிலை அதே தொடக்கம். தலை நிற்பது அதே மாதிரி ஒரு சொல்லின் முதல் எழுத்தில். சொல் மட்டும் கடடக என்பதிலிருந்து டட என்று சுருங்கிவிட்டது. இது இரண்டாவது சுற்று என்று இயந்திரத்துக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். எதுவரை பார்த்து முடித்தோம் என்ற கணக்கை நாடாவே வைத்திருக்கிறது. அழிந்த இடம் பார்த்த இடம், அழியாதது பார்க்காதது. சொல் முடியும் இடத்தைக் காட்டுகிற வெற்றுக் கட்டமே, முடிந்த வேலைக்கும் அடையாளமாக நிற்கிறது. அழிப்பு இல்லாவிட்டால், பத்தாயிரம் எழுத்துள்ள சொல்லில் எத்தனையாவது எழுத்தில் விட்டோம் என்பதை 6 நிலைகளுக்குள் வைத்துக்கொள்ளவே முடியாது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கடைசியில் ஆம் என்ற பதில் கிடைக்கும்போது சொல் காணாமல் போயிருக்கும். சொல் மிஞ்ச வேண்டுமென்றால், அழிப்பதற்குப் பதிலாகப் பார்த்த க-வை ஒரு தனிக் குறியாகவும் பார்த்த ட-வை இன்னொரு குறியாகவும் மாற்றி எழுதலாம். விதிகள் கூடும், யோசனை மாறாது.

கடகட என்று கொடுத்தால் முதல் 5 அடிகளும் மேலே கண்ட அதே போக்குதான். 5-ஆவது அடியில் க-சோதனை நிலையில் கடைசி எழுத்தின்மேல் வந்து நிற்கும். அங்கே இருப்பதோ ட. 6-ஆவது அடியில் நிராகரிப்பு. உள்ளே இருக்கும் எழுத்துகளை அது ஒப்பிட்டுப் பார்க்கக்கூட இல்லை.

இப்படி ஓர் இயந்திரத்தை முதன்முதலாக அமைப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒற்றைப்படை நீளம். கடக என்ற சொல்லில் இரண்டு க-வும் போனபின் ட மட்டும் நிற்கும். இயந்திரம் அதையும் அழித்து, ட-ஏந்தியாக ஒரு கட்டம் வலம் போய், வெற்றிடத்தில் இடித்து, ட-சோதனையாகப் பின்வாங்கினால், கீழே இருப்பது தானே அழித்த வெற்றுக் கட்டம். ஜோடி தேடிப் போனால் ஜோடியே இல்லை. அது நடு எழுத்து, தனியாக நிற்க அதற்கு உரிமை உண்டு என்று சொல்ல ஒரு விதி வேண்டும்: சோதனை நிலையில் வெற்றிடம் கண்டால் ஏற்றுக்கொள். இந்த விதியை விட்டுவிட்டால் கடடக தேறும், கடக தேறாது. இரட்டைப்படைச் சொற்களை மட்டும் கொடுத்துப் பரிசோதித்தால் இந்தக் கோளாறு ஆயுசுக்கும் வெளியே தெரியாது.

இதைவிடத் தந்திரமான கோளாறு ஒன்று உண்டு. வலது ஓர எழுத்தை ஒப்பிட்டுவிட்டு அழிக்க மறந்துவிட்டோம் என்று வையுங்கள். இயந்திரம் ஒவ்வொரு சுற்றிலும் அதே கடைசி எழுத்தோடுதான் ஒப்பிடும். கககக என்று கொடுத்துச் சரிபார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். கடடக கொடுத்தால்தான், இரண்டாம் சுற்றில் ட-வைக் கொண்டுபோய்ப் பழைய க-வோடு மோதி நிராகரித்து, குட்டு வெளிப்படும்.

எழுத்துகள் கூடினால் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏந்தி, ஒரு சோதனை. தொடக்கமும் திரும்புவதும் மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. தமிழின் 247 எழுத்துகளுக்கும் அமைத்தால் 496 நிலைகள் வரும். ஆனால் கணினியில் அந்த விகடகவியையே கொடுக்க நினைப்பவர் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். யூனிகோடில் ‘வி’ ஒரு குறியாக இருப்பதில்லை. வகரம் ஒன்று, இகரக் கொக்கி ஒன்று என இரண்டு. அந்தக் குறிகளைக் கட்டத்துக்கு ஒன்றாக வைத்தால் முதல் கட்டத்தில் வகரம், கடைசிக் கட்டத்தில் கொக்கி. இயந்திரம் முதல் சுற்றிலேயே விகடகவியை மாலைமாற்று இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும். இயந்திரத்தின்மேல் பிழையில்லை. கட்டத்துக்குள் எதை வைப்பது என்பது நம் பொறுப்பு.

எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். கடடக என்ற 4 எழுத்துக்கு முதல் சுற்று 9 அடி, அடுத்த சுற்று 5, கடைசியில் வெற்றிடம் பார்க்க 1. ஆக 15. மாலைமாற்றான எந்தச் சொல்லுக்கும் இந்தக் கணக்கு ஒரே வாய்பாட்டில் அடங்கும். நீளம் n என்றால்:

```
(n + 1)(n + 2) / 2
```

4-க்கு 15 வருகிறது. 100 எழுத்துக்கு 5,151. 1,000 எழுத்துக்கு 5,01,501. நீளம் பத்து மடங்கானால் வேலை ஏறக்குறைய நூறு மடங்காகிறது. காரணம் வெளிப்படை: ஒரு ஜோடி எழுத்தைச் சரிபார்க்க நாடாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. திரும்பி வரும் நடை வீண்தானே, வலது ஓரத்தில் அழித்த கையோடு அடுத்த வலது எழுத்தையும் ஏந்திக்கொண்டு வந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். நல்ல கேள்வி. அப்படிச் செய்தால் நடை ஏறக்குறையப் பாதியாகும். ஆனால் பத்து மடங்குக்கு நூறு மடங்கு என்ற வளர்ச்சி அப்படியே இருக்கும்.

வேறு எந்தச் சாமர்த்தியமாவது இதை உடைக்குமா? ஒரு நாடா, ஒரு தலை என்றிருக்கும்வரை முடியாது என்று ஃபிரெட் ஹென்னி 1965இல் நிறுவினார். அவருடைய வாதத்தின் சாரம் இது. முதல் பகுதி, நடுவே ஒரே எழுத்தால் நிரப்பிய நீண்ட இடைவெளி, பிறகு முதல் பகுதியின் தலைகீழ் வடிவம் என்று அமைந்த சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவெளியில் ஏதாவது இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்ற செய்தி வலப்பக்கம் போக வேண்டுமென்றால் தலை அந்தக் கோட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு தாண்டலிலும் அது கொண்டுபோகக்கூடியது தன் நிலை ஒன்றை மட்டும். நம் இயந்திரத்தில் அது 6இல் ஒன்று. சொல் நீள நீளச் செய்தியும் நீளும், ஆகவே தாண்டல்களும் அதற்கேற்பக் கூட வேண்டும். குறைவாகத் தாண்டினால், வெவ்வேறான இரண்டு சொற்கள் ஒரே நிலை வரிசையில் கோட்டைத் தாண்டியிருக்கும். ஒன்றின் இடப்பாதியையும் மற்றதன் வலப்பாதியையும் ஒட்டிக் கொடுத்தால், மாலைமாற்றல்லாத அந்த ஒட்டுச் சொல்லையும் இயந்திரம் ஏமாந்து ஏற்றுக்கொள்ளும். இடைவெளியில் இருக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் இது பொருந்தும். கோடுகளின் எண்ணிக்கையும் சொல்லோடு வளர்கிறது, தாண்டல்களும் வளர்கின்றன. பெருக்கினால் நம் வாய்பாட்டில் கண்ட அதே இருமடி வளர்ச்சி.

இரண்டாவது நாடாவும் அதற்கென்று ஒரு தலையும் கிடைத்தால் கதை வேறு. சொல்லை இரண்டாம் நாடாவில் ஒருமுறை படியெடுத்து, ஒரு தலையை மட்டும் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, ஒன்று முன்னிருந்தும் மற்றது பின்னிருந்தும் படித்தால் போதும். நாம் ஆரம்பத்தில் வைத்த இரண்டு விரல்கள்தான் இவை. மூன்று நடையில் வேலை முடிகிறது: 1,000 எழுத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி. எதையும் அழிக்க வேண்டியதும் இல்லை.