ஆடிக் காற்றும் ஆறு டேங்க் பெட்ரோலும்

கோவில்பட்டி டீக்கடையில் மைலேஜ் பேச்சு வந்தால் ஒருவராவது சொல்வார்: “நம்ம வண்டி அறுபதுக்குக் கீழ எறங்கவே எறங்காது.” எப்படிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ரிசர்வ் விழுந்ததும் ஒரு லிட்டர் போட்டு, மறுபடி ரிசர்வ் விழும் வரை ஓட்டினாராம். ரிசர்வ் விழும் இடம் வண்டியின் சாய்வையும் குலுக்கலையும் பொறுத்து கொஞ்சம் முன்பின் ஆகும். அந்த வித்தியாசம் வெறும் 100 மில்லி, ஒரு சின்ன டீ கிளாஸ் அளவுதான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் அது பத்து சதவீதம். 59 தரும் வண்டி 53 என்றும் காட்டும், 65 என்றும் காட்டும்.

ஃபுல் டேங்க் முறையின் சாமர்த்தியம் என்னவென்றால், டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அது கேட்பதே இல்லை. ஒரு கோடு வரை நிரப்பி கிலோமீட்டரைக் குறித்துக்கொள்கிறோம். டேங்க் நன்றாக இறங்கும் வரை ஓட்டிவிட்டு, அதே கோடு வரை மறுபடி நிரப்புகிறோம். இரண்டாவது முறை உள்ளே போன லிட்டர்தான் எரிந்த லிட்டர். அளக்கும் வேலையை பங்க்கின் மீட்டர் பார்த்துக்கொள்கிறது. 24,310-ல் நிரப்பி, 24,758-ல் மறுபடி நிரப்பும்போது 7.62 லிட்டர் பிடித்தால், 448-ஐ 7.62-ஆல் வகுக்க வேண்டும்: 58.8. இங்கும் அதே 100 மில்லி பிசகலாம். ஆனால் இப்போது விடை முக்கால் கிலோமீட்டர்தான் நகரும்.

‘அதே கோடு’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பங்க் நாசிலின் நுனியில் ஒரு சின்னத் துளை உண்டு. பெட்ரோல் பாயும்போது அது காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் ஏறி அதை மூடியதும் உள்ளே அழுத்தம் மாறி, விசை தானாக விழுந்துவிடும். நுரை வந்து மூடினாலும் விழும். ஆகவே ‘டக்’ சத்தத்தை நம்ப வேண்டாம். இரண்டு முறையும் சென்டர் ஸ்டாண்டு போட்டு, நிரப்பும் வாய்க்குக் கீழே தெரியும் கழுத்தின் அடிவிளிம்பு வரை மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முறைக்கத்தான் செய்வார்கள்.

சரி, சாதா பெட்ரோலா, 95 ஆக்டேனா? தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்கு ஆக்டேனை விளக்குவது சுலபம். நல்ல தீக்குச்சி, பெட்டியின் பக்கவாட்டில் உரசினால்தான் பற்ற வேண்டும். சும்மா சூடுபட்டுப் பற்றக் கூடாது. எஞ்சினுக்குள் பெட்ரோலுக்கும் அதுதான் விதி. ஸ்பார்க் பிளக் சொல்லும் முன், அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகப் பற்றாத பிடிவாதமே ஆக்டேன். 91-ஐ விட 95-க்குப் பிடிவாதம் அதிகம், அவ்வளவுதான். அதற்காக லிட்டரில் சக்தி கூடிவிடாது. 91 போதும் என்று வடிவமைத்த எஞ்சினில் அந்தப் பிடிவாதத்துக்கு வேலை குறைவு.

இருந்தாலும் சோதித்துப் பார்ப்போம். தினமும் கயத்தாறு போய் வரும் ஒருவர் வைகாசியில் சாதாவும் ஆடியில் 95-ம் போட்டால் என்ன ஆகும்? அந்தப் பக்கம் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. மேல்காற்று பக்கவாட்டில் அறைந்தால் போகும்போதும் இழப்பு, வரும்போதும் இழப்பு. பழி 95-ன் மேல் விழும்.

இதற்கு ஒரு தந்திரம் உண்டு: ஆறு டேங்க். முதல் டேங்க் சாதா. இரண்டாவது 95, ஆனால் கணக்கில் சேராது. அடியில் ஒன்றரை லிட்டர் பழையது இருந்தால், பத்து லிட்டர் டேங்கில் 15 சதவீதம் கலப்படம்தானே. அடுத்த முறை அதே போல நிரப்பினால் அது இரண்டு சதவீதமாகச் சுருங்கிவிடும். மூன்றும் நான்கும் 95, கணக்கில் சேரும். ஐந்தாவது சாதா, மிச்சமிருக்கும் 95-ஐக் கழுவ; இதுவும் கணக்கில் சேராது. ஆறாவது சாதா. சாதாவின் எண்கள் 1, 6, சராசரி மூன்றரை. 95-ன் எண்கள் 3, 4, அதுவும் மூன்றரை. காற்று நாளுக்கு நாள் சீராக ஏறினாலும், செயின் தளர்ந்துகொண்டே போனாலும் இரண்டு பெட்ரோலும் சம பங்கு அடிவாங்கும். கிலோமீட்டர் மீட்டர் கொஞ்சம் பொய் சொன்னாலும் கவலையில்லை; இருவரிடமும் ஒரே பொய்யைத்தான் சொல்லும்.

சாதா 59.6, 57.4 தந்ததாக வைத்துக்கொள்வோம், சராசரி 58.5. 95-க்கு 59.1, 58.3, சராசரி 58.7. வித்தியாசம் 0.2. நிரப்பும் பிசகே முக்கால் இருக்கும்போது இதை வெற்றி என்று சொல்ல முடியாது. சாதா 102 ரூபாய், 95-க்கு 110 என்றால், கிலோமீட்டருக்கு முறையே 1.74, 1.87 ரூபாய் ஆகிறது. 95 தன் விலைக்கு ஈடுகட்ட வேண்டுமானால் 63-ஐத் தொட வேண்டும்.

ஒரு ஓட்டை மட்டும் இதிலும் அடைபடாது. இரண்டு பெட்ரோலும் இரண்டு நாசிலில் வருகின்றன. ஒவ்வொன்றும் 5 லிட்டருக்கு 25 மில்லி முன்பின் இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஒன்று கூட்டியும் மற்றது குறைத்தும் ஊற்றினால், எஞ்சினில் எதுவும் நடக்காமலே ஒரு சதவீத வித்தியாசம் தெரியும். பங்க்கில் 5 லிட்டர் முத்திரைக் குவளை வைத்திருப்பார்கள். இரண்டு நாசிலையும் அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.