ஊருக்குப் போகும் பேக்கேஜ்: எதெல்லாம் அடக்கம், ரத்தானால் என்ன திரும்பும்?

கோடை விடுமுறையில் சொந்த ஊர் போகும் குடும்பங்களுக்கு டிராவல்ஸ் நிறுவனங்கள் தரும் பேக்கேஜில் பெரும்பாலும் ரயில் டிக்கெட், ஊரில் சுற்ற ஒரு கார், தங்க அறை ஆகிய மூன்றும் இருக்கும். தொகை ஒன்றாகச் சொல்லப்பட்டாலும் மூன்றுக்கும் விதிகள் வேறு வேறு. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்வதே நல்ல விளம்பரம்.

சென்னையிலிருந்து நான்கு பேர் மே 10 அன்று திருநெல்வேலி புறப்படுவதாகக் கொள்வோம். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன், அதாவது மார்ச் 11 அன்றே தொடங்கிவிடும். ஏப்ரலில் பேக்கேஜ் எடுப்பவருக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைக்கக்கூடும். டிக்கெட் உறுதியாகாவிட்டால் பேருந்தா, தட்காலா, பணம் திரும்புமா என்பது விளம்பரத்தில் இருக்க வேண்டும். உறுதியான தட்கால் டிக்கெட்டைப் பயணி ரத்து செய்தால் ரயில்வே பணம் தருவதில்லை. ‘சிறுவர்களுக்குப் பாதிக் கட்டணம்’ என்ற வரியையும் கவனிக்க வேண்டும். 5 வயது முதல் 12 வயதுக்குள் உள்ளவர்களுக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் ரயிலில் முழுக் கட்டணம்தான்.

காரைப் பொறுத்தவரை, ‘நாளொன்றுக்கு 250 கிலோமீட்டர், ஓட்டுநர் பேட்டா, டோல், பார்க்கிங் உட்பட’ என்று எழுதினால் குழப்பம் வராது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூரும் குற்றாலமும் எதிரெதிர்த் திசையில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. இரண்டுக்கும் ஒரே நாளில் போய்வந்தாலே 240 கிலோமீட்டர் ஆகிவிடும். குலதெய்வக் கோயிலுக்கும் போனால், கூடுதல் கிலோமீட்டருக்குத் தனிக் கட்டணம் விழும். குற்றாலச் சீசன் ஜூனில்தான் தொடங்கும் என்பதால், மே மாதத்தில் அருவிக் குளியலை உறுதியாகச் சொல்லும் விளம்பரத்தை நம்பக் கூடாது.

ரத்து விதியில்தான் பணம் அதிகம் போகிறது. ஓர் உதாரணக் கணக்கு: ரயில் 9,000, கார் 14,000, அறை 12,000, சேவைக் கட்டணம் 3,000 என மொத்தம் 38,000 ரூபாய். பயணத்துக்கு 10 நாள் முன் ரத்தாகிறது. ‘மொத்தத் தொகையில் 50 சதவீதம் பிடித்தம்’ என்று விதி இருந்தால் 19,000 ரூபாய் திரும்பும். ‘கார், அறைக்கு 50 சதவீதம் பிடித்தம்; ரயிலுக்கு ரயில்வே விதிப்படி; சேவைக் கட்டணம் திரும்பாது’ என்றிருந்தால் கார், அறைக்கு 13,000 ரூபாய் வரும். உறுதியான சாதாரண டிக்கெட்டை அவ்வளவு முன்னதாக ரத்து செய்தால் ரயில்வே ஆளுக்குச் சிறு தொகையே பிடிக்கும். ஆகவே 9,000 ரூபாயில் பெரும்பகுதியும் சேர்ந்து கைக்கு வரும். பிடித்தம் ஒரே 50 சதவீதமாகத் தெரிந்தாலும், எதன்மேல் பிடிக்கிறார்கள் என்பதே வேறுபாடு.

நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால் என்ன, பணம் எத்தனை நாளில் வரும் என்ற இரண்டும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். அட்வான்ஸ் கட்டுமுன் இவற்றை வாய்ச்சொல்லாக விடாமல், ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.